பதிவுக் கருவியில் தோன்றிய மெதுவான அலைவு: ஒரு கிரவுண்ட் லூப்பின் நிகழ்வு ஆய்வு

ஒரு பொருளின் மீது செலுத்தப்படும் விசையை லோட் செல் ஒன்று அளக்கிறது. அதன் சிறிய சமிக்ஞையை முன்பெருக்கி ஒன்று உயர்த்தி, நியூட்டனுக்கு 1 மில்லிவோல்ட் என்ற அளவில், அதிகபட்சம் 100 மில்லிவோல்ட் வரை வெளியே தருகிறது. அங்கிருந்து 10 மீட்டர் நீளமுள்ள கோஆக்சியல் கேபிள் அறையின் மறுமுனையில் இருக்கும் பதிவுக் கருவிக்குப் போகிறது. பதிவுக் கருவி யு.எஸ்.பி. வழியாக ஒரு மேசைக் கணினியுடன் இணைந்து, நொடிக்கு 10 மாதிரிகள் எடுக்கிறது. நிலையான 40 நியூட்டன் எடையை வைத்தபோது முன்பெருக்கியின் முகப்பில் உள்ள காட்டி அசையாமல் 40.0 என்று நின்றது. ஆனால் கணினித் திரையிலோ கோடு ஏறக்குறைய 34-க்கும் 46-க்கும் இடையே மெதுவாக ஏறி இறங்கியது. ஒரு முழு அலைக்குச் சுமார் 20 நொடிகள் ஆயின. சில நேரம் 10 நொடிகளாகக் குறைந்தது. சில நேரம் அலையே நின்று, கோடு தவறான ஓர் இடத்தில் அப்படியே தங்கியது.

இவ்வளவு மெதுவான அலைவைக் கண்டதும் வெப்பநிலை மாற்றம், லோட் செல்லின் தளர்ச்சி, குளிரூட்டியின் காற்று என்று ஐயங்கள் எழுந்தன. மின்வழங்கலிலிருந்து சமிக்ஞையில் கலக்கும் ஹம் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஹம் என்றால் 50 ஹெர்ட்ஸில் தடித்துத் தெரியும் பட்டை என்பதே பழக்கம். ஆயினும் அலையின் கால அளவு தானாக மாறிக்கொண்டிருந்ததே முதல் தடயமாக அமைந்தது. மின்வழங்கலின் அதிர்வெண் எப்போதும் சரியாக 50 ஹெர்ட்ஸாக இருப்பதில்லை. அது 49.95 ஹெர்ட்ஸாக இருக்கும்போது நொடிக்கு 10 முறை மாதிரி எடுத்தால், ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து முழுச் சுழற்சிகள் கடந்துவிடுகின்றன. முழுமையடையாத சிறு மிச்சம் மட்டும் சேர்ந்து சேர்ந்து 0.05 ஹெர்ட்ஸ் போலி அலையாக, அதாவது 20 நொடி அலையாகத் திரையில் தெரிகிறது. அதிர்வெண் 49.90 ஆனால் அது 10 நொடி அலையாகும். மிகச் சரியாக 50 ஆனால் நகராத பிழையாக நிற்கும். மாதிரி எடுக்கும் முன் உயர் அதிர்வெண்களை வடிகட்டும் சுற்று இல்லாத பதிவுக் கருவிகள் அனைத்திலும் இப்படி நேரலாம்.

மாதிரி வேகத்தை நொடிக்கு 1000 ஆக உயர்த்தியவுடன் மெதுவான அலை மறைந்து, 4 மில்லிவோல்ட் ஆர்.எம்.எஸ். அளவுள்ள தெளிவான 50 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தது. அதன் உச்சம் 5.7 மில்லிவோல்ட், அதாவது 5.7 நியூட்டன், முன்பு கண்ட ஏற்ற இறக்கத்துடன் இது பொருந்தியது. அலை 50 ஹெர்ட்ஸாக இருந்ததும் கவனிக்கத்தக்கது. முன்பெருக்கியின் மின்வழங்கியில் வடிகட்டும் மின்தேக்கி பழுதாகியிருந்தால், முழு அலைத் திருத்தியின் காரணமாக 100 ஹெர்ட்ஸே மேலோங்கியிருக்கும்.

சுற்று எங்கே மூடுகிறது

பதிவுக் கருவியில் எர்த் முனை கொண்ட மின்செருகி எதுவும் இல்லை, அது யு.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் பெறுகிறது. எனவே அது எர்த்துடன் இணையவில்லை, எர்த் ஆன இரு கருவிகளைக் கேபிள் இணைப்பதால் மூடும் கிரவுண்ட் லூப் என்ற வளையத்துக்கு வாய்ப்பில்லை என்பது அதைப் பயன்படுத்தியவர்களின் வாதம். உண்மையில் அதன் உட்புற கிரவுண்ட், யு.எஸ்.பி. கேபிளின் ஷீல்டு மற்றும் கிரவுண்ட் கம்பி வழியாக மேசைக் கணினியின் உலோக உடலுடன் சேர்கிறது; கணினியின் உடலோ மூன்று முனைச் செருகி வழியாக எர்த்துடன் சேர்கிறது. மறுபக்கம் முன்பெருக்கியும் தன் மூன்று முனைச் செருகியால் எர்த் ஆகியிருக்கிறது. அதன் வெளியீட்டு பி.என்.சி. இணைப்பியின் உலோக வளையம் உடலுடன் நேரடியாகத் தொட்டிருக்கிறது. ஆக, கோஆக்சியலின் ஷீல்டு, பதிவுக் கருவி, கணினி, சுவரின் எர்த் கம்பி, முன்பெருக்கியின் உடல் என ஒரு முழு வளையம் அமைந்துவிட்டது. கணினிக்குப் பதிலாகப் பேட்டரியில் மட்டும் ஓடும் மடிக்கணினியை இணைத்ததும் ஹம் அடியோடு நின்றது. எர்த் முனையுள்ள அதன் மின்னேற்றியைச் செருகியதும் திரும்பி வந்தது.

இந்தச் சோதனை வளையத்தைச் சுட்டினாலும், ஹம் சமிக்ஞைக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்பதைக் காட்டாது. அதற்கு வேறொரு சோதனை தேவை. என் மதிப்பில் இத்தகைய ஆய்வுகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை. கேபிளை முன்பெருக்கியிலிருந்து கழற்றி, அந்த முனையில் நடுக் கம்பியையும் ஷீல்டையும் குறுக்கே இணைக்கும் ஒரு போலிச் செருகியை மாட்ட வேண்டும். அது முன்பெருக்கியைத் தொடாத நிலையில் பதிவு சுழியமாக இருந்தது. பின்னர் அதே போலிச் செருகியின் வளையத்தை முன்பெருக்கியின் உடலில் தொடச் செய்தபோது, நடுக் கம்பி இன்னும் ஷீல்டுடனேயே குறுக்காகியிருந்தும், முழு 4 மில்லிவோல்ட் ஹம்மும் பதிவாகியது. முன்பெருக்கியின் சுவிட்சை அணைத்து, செருகியை மட்டும் சுவரில் விட்டபோதும் மாற்றமில்லை. ஆகவே ஹம் முன்பெருக்கியில் உருவாகவில்லை. நடுக் கம்பி வெளிப்புற மின்புலத்தை வாங்கியதாலும் அன்று. ஷீல்டின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டைத்தான் பதிவுக் கருவி படித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது அளவுகள். கேபிளைக் கழற்றிவிட்டு, இரு பி.என்.சி. வளையங்களுக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் அளந்தால் 12 மில்லிவோல்ட். கேபிளை மாட்டிய பின், மில்லிஆம்பியரைப் பிரித்தறியும் கசிவு கிளாம்ப் மீட்டரைக் கேபிளைச் சுற்றி மாட்டினால் 27 மில்லிஆம்பியர். கேபிளை முழுமையாகச் சுற்றி மாட்டும்போது நடுக் கம்பியில் போகும் சமிக்ஞை மின்னோட்டமும் ஷீல்டில் திரும்பும் அதே மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், மீட்டர் காட்டுவது வளைய மின்னோட்டம் மட்டுமே. ஆர்.ஜி.-58 வகைக் கேபிளின் ஷீல்டுக்கு மீட்டருக்குச் சுமார் 14 மில்லிஓம். 10 மீட்டருக்கும் இணைப்பிகளுக்கும் சேர்த்து 0.15 ஓம் எனலாம். எர்த் கம்பி, மின்கயிறுகள், யு.எஸ்.பி. கேபிள் ஆகிய மீதி வழி ஏறக்குறைய 0.30 ஓம்.

```
I_loop = V_gnd / (R_shield + R_earth) = 12 mV / 0.45 ohm = 27 mA
V_hum  = I_loop × R_shield = 27 mA × 0.15 ohm = 4 mV
```

இதே 27 மில்லிஆம்பியர் யு.எஸ்.பி. கேபிளின் ஷீல்டிலும் ஓடுகிறது. ஆனால் அங்கே போவது எண்களாக மாறிவிட்ட தரவு. சில மில்லிவோல்ட் அதை அசைக்காது. மில்லிவோல்ட்டையே பொருளாகக் கொண்ட சமிக்ஞை ஷீல்டைத் தன் திரும்பு வழியாகப் பயன்படுத்தும் அந்த 10 மீட்டர்தான் இழப்பு நேரும் இடம்.

அந்த 12 மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, கணினிகளின் மின்வடிகட்டிகளில் மின்கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள சிறு மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மின்னோட்டம்; 4.7 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்று 230 வோல்ட்டில் 0.34 மில்லிஆம்பியரை எர்த் கம்பியில் விடுகிறது, இப்படிப் பல சேர்கின்றன. மற்றொன்று, வளையம் ஒரு சுற்றுள்ள பெரிய சுருளாக நடந்துகொள்வது. இங்கே சமிக்ஞைக் கேபிள் கூரையோரமாகவும் மின்கம்பிகள் தரையோரமாகவும் சென்றதால் ஏறக்குறைய 25 சதுர மீட்டர் பரப்பு அடைபட்டிருந்தது. அதன் ஊடாக 1 மைக்ரோடெஸ்லா அளவுள்ள 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் சென்றாலே 8 மில்லிவோல்ட் தூண்டப்படும். கேபிளைக் கூரையிலிருந்து இறக்கி மின்கம்பியின் வழியை ஒட்டியே விரித்தபோது வளைய மின்னோட்டம் 27-இலிருந்து 10 மில்லிஆம்பியராகக் குறைந்தது. எனவே பெரும் பங்கு பரப்பினால் வந்ததே. சமிக்ஞைக் கேபிளை மின்கம்பியிலிருந்து விலக்கி வை என்ற வழக்கமான அறிவுரையைக் கண்ணை மூடிப் பின்பற்றினால், வளையத்தின் பரப்பைக் கூட்டி ஹம்மை நாமே வளர்த்துவிடுகிறோம்.

தவிர்க்க வேண்டிய ஒரு வழி

முன்பெருக்கியின் எர்த் முனையைத் துண்டித்தால் வளையம் அறும், ஹம்மும் பெரும்பாலும் குறையும்; அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. இதைச் செய்யக் கூடாது. உள்ளே ஒரு மின்கம்பி பழுதாகி உடலைத் தொட்டால், பழுது மின்னோட்டம் முழுவதும் கோஆக்சியலின் மெல்லிய ஷீல்டு வழியாகவும் யு.எஸ்.பி. கேபிள் வழியாகவும் எர்த்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். யாரேனும் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டாலோ கருவியின் உடல் 230 வோல்ட்டில் நிற்கும். பாதுகாப்பு எர்த் எல்லாக் கருவிகளிலும் இருந்தபடியே இருக்கட்டும். அறுக்க வேண்டியது சமிக்ஞையின் திரும்பு வழியை மட்டுமே.

முதல் தீர்வும் அதன் எல்லையும்

ஆய்வு முடிவதற்குள்ளாகவே பதிவுக் கருவிக்கும் கணினிக்கும் இடையே ஒரு யு.எஸ்.பி. ஐசொலேட்டர் பொருத்தப்பட்டது. இது தரவை எண் வடிவிலேயே ஒரு தடுப்பின் வழியாகக் கடத்தி, மின்சாரத்தையும் தனி மாற்றி மூலம் கொடுக்கிறது. இரு பக்க கிரவுண்டுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பதிவுக் கருவி இப்போது முன்பெருக்கியின் கிரவுண்டையே தனக்கு அடிப்படையாகக் கொண்டு மிதந்தது, வளையம் அறுந்தது, ஹம் நின்றது. ஒரே ஒரு கருவியை இணைக்கும் வரை இது நல்ல தீர்வுதான்.

பின்னர் அதே பதிவுக் கருவியின் இரண்டாம் தடத்தில் இடப்பெயர்ச்சியை அளக்கும் எல்.வி.டி.டி. கருவி இணைக்கப்பட்டது. அதன் வெளியீடு மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட். அது பொருளின் மீது விசையைச் செலுத்தும் சோதனைச் சட்டத்தின் அருகே, சட்டத்தின் மோட்டாரை இயக்கும் மின்பலகையிலிருந்து எர்த் பெறுகிறது. இணைத்த உடனே இரு தடங்களிலும் ஹம் தோன்றியது. யு.எஸ்.பி. ஐசொலேட்டர் கணினியை மட்டுமே பிரித்திருந்தது. பதிவுக் கருவிக்குள் எல்லாத் தடங்களின் ஷீல்டு முனைகளும் ஒரே கிரவுண்டில் சேர்கின்றன. ஆகவே முன்பெருக்கியிலிருந்து முதல் கேபிளின் ஷீல்டு வழியாகப் பதிவுக் கருவிக்கு வந்து, இரண்டாம் கேபிளின் ஷீல்டு வழியாக எல்.வி.டி.டி. கருவிக்குப் போய், இரு மின்பலகைகளின் எர்த் வழியாகத் திரும்பும் புதிய வளையம் உருவாகியிருந்தது. இரு கருவிகளின் எர்த்துகளுக்கும் இடையே 30 மில்லிவோல்ட். வளையத்தின் மொத்தத் தடை 0.75 ஓம், மின்னோட்டம் 40 மில்லிஆம்பியர், ஒவ்வொரு ஷீல்டிலும் 6 மில்லிவோல்ட். இதற்கு ஓர் அழகான சான்றும் கிடைத்தது: இரு தடங்களிலும் ஹம் ஒரே அளவில், ஆனால் எதிரெதிர்த் திசையில் இருந்தது. ஒரு ஷீல்டில் மின்னோட்டம் பதிவுக் கருவியை நோக்கி வருகிறது, மற்றதில் அதைவிட்டு விலகிப் போகிறது என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். பதிவுக் கருவியின் மின்வழங்கியில் கோளாறு இருந்திருந்தால் இரு தடங்களும் ஒரே திசையில் ஆடியிருக்கும்.

டிஃபரன்ஷியல் உள்ளீடு

இந்தப் பதிவுக் கருவியின் எட்டுத் தடங்களை மென்பொருளில் நான்கு டிஃபரன்ஷியல் தடங்களாக மாற்றிக்கொள்ள முடியும். அந்த நிலையில் ஒவ்வொரு தடத்திலும் நேர், எதிர் என இரு உள்ளீடுகள் உண்டு. அவற்றின் வேறுபாட்டை மட்டுமே கருவி படிக்கிறது, இரண்டிலும் பொதுவாக இருப்பதை விலக்குகிறது. கோஆக்சியலின் நடுக் கம்பியை நேர் முனைக்கும், ஷீல்டை எதிர் முனைக்கும் கொடுத்து, ஷீல்டுக்கும் பதிவுக் கருவியின் கிரவுண்டுக்கும் இருந்த இணைப்பை எடுத்துவிட வேண்டும். எதிர் உள்ளீட்டின் மின்தடை பல மெகாஓம் என்பதால் ஷீல்டில் வளைய மின்னோட்டம் ஓட வழியில்லை; மின்னோட்டம் இல்லையென்றால் அதன் நெடுகிலும் மின்னழுத்த இழப்பும் இல்லை. எர்த்துகளுக்கிடையே உள்ள 30 மில்லிவோல்ட் அழிந்துவிடவில்லை. அது இப்போது இரு உள்ளீடுகளிலும் ஒரே அளவில் வந்து நிற்கும் பொதுமுறை மின்னழுத்தமாகிறது. கருவியின் பொதுமுறை விலக்குத் திறன் 80 டெசிபெல், அதாவது பத்தாயிரத்தில் ஒன்று; எனவே 30 மில்லிவோல்ட்டில் 3 மைக்ரோவோல்ட் மட்டுமே அளவீட்டில் கலக்கும்.

பலர் இந்த மாற்றத்தில் அரைகுறையாக நின்றுவிடுகிறார்கள். மென்பொருளில் டிஃபரன்ஷியல் என்று மாற்றிவிட்டு, ஷீல்டைப் பழைய கிரவுண்ட் முனையிலும் விட்டுவைத்தால் வளைய மின்னோட்டம் முன்போலவே ஓடும். எதிர் உள்ளீட்டுக்கான கம்பியும் அதே இடத்தில் எடுக்கப்பட்டிருந்தால், ஷீல்டின் இழப்பு முழுவதும் முன்போலவே படிக்கப்படும். மாற்றம் சரியாக நடந்ததா என்பதைக் கிளாம்ப் மீட்டரே சொல்லிவிடும்: இங்கே 40 மில்லிஆம்பியர், அளக்க முடியாத அளவுக்குக் குறைந்தது.

இன்னொரு சிக்கல் யு.எஸ்.பி. ஐசொலேட்டரால் எழுந்தது. உள்ளீடுகளுக்குள் பாயும் மிகச் சிறு சார்பு மின்னோட்டம் எங்காவது திரும்பிப் போக வேண்டும். ஐசொலேட்டர் இருந்தபோது பதிவுக் கருவியின் கிரவுண்டுக்கு எதனுடனும் தொடர்பில்லாததால், இரு உள்ளீடுகளும் சேர்ந்து மெல்ல நகர்ந்து, ஏற்கும் எல்லையைத் தாண்டி, பதிவு அதிகபட்சத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஐசொலேட்டரை எடுத்துவிட்டதும் கணினியின் எர்த் வழியாகத் திரும்பு வழி கிடைத்து இது சரியானது. சமிக்ஞை மூலம் பேட்டரியில் ஓடி மிதக்கிறது என்றால், எதிர் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோஓம் வரையிலான தடை ஒன்றை வைக்கலாம்; மூலம் எர்த் ஆகியிருக்கும் இடத்தில் அது வேண்டியதில்லை.

பத்தாயிரத்தில் ஒன்று என்ற திறன் உயர் மின்தடை உள்ளீடுகளால் கிடைக்கிறது. ஓர் ஆப்-ஆம்ப்பும் நான்கு 10 கிலோஓம் தடைகளும் கொண்டு எளிய வேறுபாட்டுப் பெருக்கியைத் தாமே அமைப்பவர்கள் இதை எதிர்பார்க்கக் கூடாது. முன்பெருக்கியின் நேர் வெளியீட்டில் 50 ஓம் இருந்து, திரும்பு வழியில் எதுவும் இல்லை என்றால், அந்த 50 ஓம் மட்டுமே விலக்குத் திறனை 400-இல் ஒன்றாக, அதாவது 52 டெசிபெல்லாகக் குறைத்துவிடும். மூலத்தின் பக்கத்தில் திரும்பு வழியிலும் ஒரு 50 ஓம் சேர்த்தால் சமநிலை திரும்பும். தடைகளே 1 சதவீத வகை என்றால் மோசமான சேர்க்கையில் 50-இல் ஒன்றுதான் மிஞ்சும். நான்கையும் ஒரே சில்லில் பொருத்தித் தரும் ஆயத்தப் பெருக்கியை வாங்குவதே மேல்.

இரு தடங்களிலும் ஹம் இப்போது பதிவுக் கருவியின் சொந்த இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. விசைத் தடத்துக்கு இதுவே இறுதித் தீர்வாக அமைந்தது.

ஐசொலேஷன் தேவைப்பட்ட தடம்

மோட்டார் நின்றிருந்தவரை இடப்பெயர்ச்சித் தடமும் நன்றாகவே இருந்தது. மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டரை முடுக்கியதும், சட்டம் அசையாத நிலையிலேயே அளவு 0.02 மில்லிமீட்டர், அதாவது 2 மில்லிவோல்ட் விலகி, மோட்டார் நிற்கும்வரை அங்கேயே நின்றது. ஹம் எதுவும் தெரியவில்லை. ஆசிலோஸ்கோப்பில் எதிர் உள்ளீட்டுக்கும் பதிவுக் கருவியின் கிரவுண்டுக்கும் இடையே பார்த்தபோது, சில மைக்ரோநொடி நீளமுள்ள துடிப்புகள் 15 வோல்ட் வரை எழுவது தெரிந்தது. இந்தப் பதிவுக் கருவியின் உள்ளீடுகள் ஏற்கும் எல்லை ±11 வோல்ட் மட்டுமே. விலக்குத் திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த எல்லைக்குள் மட்டுமே அது செல்லுபடியாகும். 50 ஹெர்ட்ஸில் இருக்கும் 80 டெசிபெல் வேகமான துடிப்புகளுக்கு இருப்பதும் இல்லை. எல்லையைத் தாண்டும் துடிப்பின் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்படும்போது சராசரி இடம் பெயர்கிறது. இப்படிப் பெயர்ந்த பிழையைப் பின்னர் மென்பொருள் வடிகட்டியால் நீக்க முடியாது, ஏனெனில் அது சமிக்ஞையைப் போலவே நிலையானதாக ஆகிவிட்டது.

சமிக்ஞை டிரான்ஸ்ஃபார்மர் இங்கே உதவாது. மாறுதிசைச் சமிக்ஞைகளுக்கு அது மலிவான, மின்வழங்கல் வேண்டாத ஐசொலேஷன். ஆனால் நிலையான இடப்பெயர்ச்சி என்பது நேர்மின்னழுத்தம், டிரான்ஸ்ஃபார்மர் அதைக் கடத்தாது. ஆகவே இடப்பெயர்ச்சித் தடத்தில் மட்டும் ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வைக்கப்பட்டது. அது உள்ளே சமிக்ஞையை உயர் அதிர்வெண் துடிப்புகளாக மாற்றி, தடுப்பைக் கடத்தி, மறுபுறம் மீண்டும் மின்னழுத்தமாக்குகிறது. எர்த்துகளுக்கு இடையேயான 15 வோல்ட் இப்போது தடுப்பின் மீது விழுகிறது. இத்தகைய தடுப்புகள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தாங்குவதால் உள்ளீட்டு எல்லை என்ற பேச்சே எழவில்லை. இந்த ஆம்ப்ளிஃபையரின் மூலப் பக்கத்துக்கான மின்சாரம் எல்.வி.டி.டி. கருவியிலிருந்தும், பதிவுப் பக்கத்துக்கான மின்சாரம் பதிவுக் கருவியின் பக்கத்திலிருந்தும் எடுக்கப்பட்டன. இரண்டையும் ஒரே மின்வழங்கியிலிருந்து எடுத்திருந்தால், தடுப்பைச் சுற்றிக்கொண்டு பழைய வளையம் மறுபடி மூடியிருக்கும்.

மோட்டார் ஓடும்போது ஏற்பட்ட 2 மில்லிவோல்ட் விலகல் மறைந்தது. அதற்கு ஈடாக இரண்டு குறைகள் வந்தன. ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தில் 0.1 சதவீதப் பிழை உண்டு. 10 மில்லிமீட்டர் வீச்சில் அது 0.01 மில்லிமீட்டர். இதனால் எல்.வி.டி.டி.யை அளவுத் திருத்தம் செய்யும்போது ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையரும் சங்கிலியில் இருக்க வேண்டும், தனியே செய்த பழைய திருத்தம் செல்லாது. மற்றொன்று, உள்ளிருக்கும் துடிப்புகளின் மிச்சம் சில மில்லிவோல்ட் அளவில், பல நூறு கிலோஹெர்ட்ஸில் வெளியீட்டில் படிந்திருந்தது. வடிகட்டி இல்லாத இந்தப் பதிவுக் கருவியில் அதுவும் போலி அலையாக இறங்கும். எனவே ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில், பதிவுக் கருவியின் முனைகளை ஒட்டியே, 1 கிலோஓம் தடையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைக்கப்பட்டன. 160 ஹெர்ட்ஸுக்கு அருகில் வெட்டத் தொடங்கும் இந்தச் சுற்று, மெதுவாக நகரும் சட்டத்தின் சமிக்ஞையைத் தொடாமல் துடிப்பு மிச்சத்தை மட்டும் நீக்கியது.